கடைசி வருடம் படிக்கும் பிள்ளையிடம் கடைச் சாவியைக் கொடுப்பது

கல்லூரியில் இறுதியாண்டு படிக்கும் பிள்ளைகள் அக்கம்பக்கத்துக் கடைகளுக்கு எழுதும் ஒரு வகை மின்னஞ்சல் அடிக்கடி என் கண்ணில் படுகிறது. "உங்கள் கடையின் சமூக ஊடகப் பக்கங்களை நான் பார்த்துக்கொள்கிறேன், மாதம் இவ்வளவு கொடுங்கள்" என்பதுதான் அதன் சாரம். சிறு கடைகளின் இணையப் பக்கங்களைக் கவனிப்பது என் தொழில் என்பதால் இரண்டு பக்கமிருந்தும் எனக்கு வரும். அனுப்பும் முன் "ஒரு தடவை பாருங்களேன்" என்று மாணவர்கள் காட்டுவார்கள். வந்த பிறகு "இதை நம்பலாமா?" என்று கடைக்காரர்கள் ஃபார்வர்ட் செய்வார்கள்.

மாணவர்கள் எழுதுவதற்கும் கடைக்காரர்கள் அதில் தேடுவதற்கும் நடுவே பெரிய இடைவெளி இருக்கிறது. "என்னால் என்னவெல்லாம் செய்ய முடியும்" என்று மாணவர் எழுதுகிறார். "இந்தப் பிள்ளை படிப்பு முடிந்து போன பிறகு என் பக்கம் யார் கையில் இருக்கும்?" என்று கடைக்காரர் யோசிக்கிறார். பெரும்பாலான கடிதங்களில் இந்தக் கேள்விக்கு ஒரு வரிகூட இருக்காது. சமீபத்தில் ஒரு வணிகவியல் மாணவி, மூக்குக்கண்ணாடிக் கடை ஒன்றுக்கு அனுப்ப எழுதிய கடிதத்தை அவருடன் உட்கார்ந்து திருத்தினேன். அதை வைத்தே சொல்கிறேன்.

அவர் முதலில் எழுதியிருந்தது இது:

"மதிப்பிற்குரிய ஐயா/அம்மா, நான் இறுதியாண்டு வணிகவியல் மாணவி. டிஜிட்டல் மார்க்கெட்டிங்கில் மிகுந்த ஆர்வம் கொண்டவள். இன்றைய காலத்தில் சமூக ஊடகம் இல்லாமல் எந்தத் தொழிலும் வளர முடியாது. இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக், யூடியூப், வாட்ஸ்அப் என அனைத்துத் தளங்களிலும் உங்கள் வணிகத்தை அடுத்த கட்டத்துக்குக் கொண்டுசெல்வேன். மாதம் 30 போஸ்ட், 15 ரீல்ஸ் செய்து தருவேன். கட்டணம் பேசித் தீர்மானிக்கலாம். விருப்பம் இருந்தால் தொடர்புகொள்ளவும்."

இலக்கணப் பிழை இல்லை, மரியாதைக் குறைவும் இல்லை. ஆனால் "ஐயா/அம்மா" என்ற அந்தச் சாய்கோட்டிலேயே கடைக்காரருக்கு விஷயம் புரிந்துவிடும். இது ஐம்பது பேருக்குப் போன கடிதம், கடையை நடத்துவது ஆணா பெண்ணா என்பதுகூட எழுதியவருக்குத் தெரியாது. சமூக ஊடகம் இல்லாமல் தொழில் வளராது என்ற வரி இன்னும் மோசம். அந்தக் கடை பல வருடமாக அது இல்லாமலே நடந்திருக்கிறது.

முதலில் கடையைப் பார்க்கச் சொன்னேன். நேரில் போவதற்கு முன்னால், முகம் தெரியாத ஒரு வாடிக்கையாளர் கைப்பேசியில் தேடினால் அந்தக் கடை எப்படித் தெரியும் என்று பார்க்க வேண்டும். இதற்கு அரை மணி நேரம் போதும். கூகுள் வரைபடத்தில் கடையின் பெயரைத் தேடி, திறக்கும் நேரம், தொலைபேசி எண், கடைசியாகச் சேர்ந்த படங்கள், விமர்சனங்கள் என்று வரிசையாகப் பார்க்க வேண்டும். பக்கத்துக்கு உரிமையாளர் யாரும் பதிவு செய்துகொள்ளவில்லை என்றால் "இது உங்கள் வணிகமா?" என்று கேட்கும் இணைப்பு அங்கேயே தெரியும். அப்புறம் இன்ஸ்டாகிராமிலும் ஃபேஸ்புக்கிலும் கடையின் பெயரில் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

மாணவி பார்த்ததில் மூன்று விஷயங்கள் தென்பட்டன. வரைபடப் பக்கத்தில் ஞாயிறு விடுமுறை என்று இருந்தது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை அந்தக் கடை மதியம்வரை திறந்திருப்பதை அவரே பார்த்திருக்கிறார். இன்ஸ்டாகிராமில் கடையின் பெயரில் ஒரு பக்கம் இருந்தது. அதில் நீண்ட நாளாக எந்தப் பதிவும் இல்லை, கடைசிப் படத்தின் கீழே "குழந்தைகளுக்கான ஃபிரேம் இருக்கிறதா?" என்று ஒருவர் கேட்ட கேள்வி பதில் இல்லாமல் கிடந்தது. மூன்றாவதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. விமர்சனங்களை வரிசையாகப் படித்தபோது, புதிய ஃபிரேம்களைப் பற்றி யாரும் பெரிதாக எழுதவில்லை. "திருகு கழன்று போனது, நின்றுகொண்டிருக்கும்போதே சரிசெய்து கொடுத்தார்", "வேறு கடையில் வாங்கியதாக இருந்தாலும் முகம் கோணாமல் பார்த்தார்" என்பது போலத்தான் பலரும் எழுதியிருந்தார்கள். அந்தக் கடை எதற்காகப் பேர் எடுத்திருக்கிறது என்று வாடிக்கையாளர்களே சொல்லி வைத்திருக்கிறார்கள். பழுது பார்ப்பதைக் காட்டினால் போதும், எதை வீடியோ எடுப்பது என்ற கேள்விக்கு அங்கேயே விடை கிடைத்துவிட்டது.

கண்டுபிடித்ததைக் கடிதத்தில் எப்படிச் சொல்வது என்பதில் கொஞ்சம் கவனம் வேண்டும். "உங்கள் பக்கத்தில் தவறான நேரம் இருக்கிறது, இதனால் வாடிக்கையாளர்களை இழக்கிறீர்கள்" என்று எழுதினால் பயமுறுத்திப் பணம் கேட்பது போல ஆகிவிடும். இழக்கிறார்களா என்பது எழுதியவருக்கு எப்படித் தெரியும்? பார்த்ததை மட்டும் சொல்லி, சரிசெய்யும் வழியையும் சேர்த்துக் கொடுத்துவிட வேண்டும். வேலை கிடைக்காவிட்டாலும் அந்த ஒரு திருத்தம் கடைக்காரருக்குப் பயன்படும். இலவசமாகக் கொடுப்பது என்றால் இந்த அளவுதான் சரி என்பது என் எண்ணம். "முதல் மாதம் இலவசம்" என்று எழுதுவதை நான் ஒப்புக்கொள்வதே இல்லை. இலவசமாக வந்த வேலைக்குக் கடைக்காரர் படம் எடுக்க நேரம் ஒதுக்க மாட்டார், கேட்டதற்குப் பதில் சொல்ல மாட்டார். மாத முடிவில் காட்டுவதற்கு எதுவும் இருக்காது, இரண்டாம் மாதம் பணம் கேட்க மனமும் வராது.

அடுத்து அந்த 30 போஸ்ட், 15 ரீல்ஸ் கணக்கு. ஒரு காகிதத்தை எடுத்துக் கூட்டிப் பார்க்கச் சொன்னேன். ஒரு குறு வீடியோவை வெட்டி ஒட்டி, எழுத்து சேர்த்து முடிக்கப் பழகிய கைக்கே ஒன்றரை மணி நேரம் ஆகும். பதினைந்துக்கு 22 மணி நேரத்துக்கு மேல். ஒரு படப் பதிவுக்கு, படம் தேர்ந்தெடுத்து, வெளிச்சம் திருத்தி, வாசகம் எழுத அரை மணி நேரம் என்றால் முப்பதுக்கு 15 மணி நேரம். வாரம் ஒரு தடவை கடைக்குப் போய்ப் படம் எடுக்க ஒரு மணி நேரம். அப்புறம் யாரும் கணக்கில் சேர்க்காத ஒன்று இருக்கிறது, பதில் சொல்வது. கமென்ட்டும் மெசேஜும் பார்க்க நாளுக்குப் பத்து நிமிடம் என்றால் மாதம் 5 மணி நேரம். எல்லாம் சேர்ந்தால் ஒரு கடைக்கு 46 மணி நேரத்துக்கு மேல். அவர் மூன்று கடைகளுக்கு எழுத நினைத்திருந்தார். மாதம் கிட்டத்தட்ட 140 மணி நேரம், அதுவும் புராஜெக்ட் சமர்ப்பிக்க வேண்டிய வருடத்தில்.

அதனால் மாதம் 8 படப் பதிவு, 4 குறு வீடியோ என்று குறைத்தோம். படங்களுக்கு 4 மணி நேரம், வீடியோவுக்கு 6, கடைக்குப் போய்வர 4, பதில் சொல்ல 5, கடைக்காரரிடம் காட்டி ஒப்புதல் வாங்க 2. மொத்தம் 21 மணி நேரம், அதாவது வாரத்துக்கு ஐந்து மணி நேரம்போல. ஒரு மணி நேர வேலைக்குத் தனக்கு எவ்வளவு வேண்டும் என்பதை அவர் முடிவு செய்து, 21-ஆல் பெருக்கி, அந்தத் தொகையைக் கடிதத்திலேயே எழுத வேண்டும் என்றேன். "பேசித் தீர்மானிக்கலாம்" என்ற சொற்கள் பணிவாகத் தெரிந்தாலும், பேச்சை ஆரம்பிக்கும் சுமையைக் கடைக்காரர் தலையில் வைக்கின்றன. விற்கும் பொருளுக்கெல்லாம் விலை ஒட்டி வைப்பவர் அவர். விலை தெரியாத ஒன்றைக் கேட்டு மாட்டிக்கொள்வோமோ என்று பேசாமல் இருந்துவிடுவார்.

ஃபாலோயர் எண்ணிக்கை பற்றி எதையும் வாக்குக் கொடுக்கக் கூடாது. ரீல்ஸ், பின்தொடராதவர்களுக்கும் போய்ச் சேரும் என்பது உண்மைதான். ஆனால் யாரிடம் போகும் என்பது மாணவி கையில் இல்லை. வேறு ஊரில் இருக்கும் பத்தாயிரம் பேர் பார்த்து ரசிப்பதால் தெருமுனைக் கண்ணாடிக் கடைக்கு ஒரு திருகுகூட விற்காது. கடைக்காரருக்குப் பயன்படும் எண்கள் வேறு. கூகுள் வணிகப் பக்கத்தின் செயல்திறன் பகுதியில், எத்தனை பேர் அழைப்புப் பொத்தானைத் தொட்டார்கள், எத்தனை பேர் வழி கேட்டார்கள் என்று மாதவாரியாகக் காட்டும். இந்த இரண்டையும் வேலை தொடங்குமுன் ஒரு தடவை குறித்து வைத்துக்கொண்டால் பிறகு ஒப்பிடலாம். பண்டிகை, பள்ளி திறப்பு போன்ற காலங்களில் இவை தாமாகவே ஏறி இறங்கும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். இதைவிட நம்பகமானது, கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு நோட்டு வைத்து, புதிதாக வருகிறவரிடம் "எங்களை எப்படித் தெரிந்தது?" என்று கேட்டுக் கோடு போட்டுக்கொள்வது.

இனி தலைப்பில் சொன்ன அந்தச் சாவி விஷயம், அதாவது பக்கம் யார் கையில் இருக்கும் என்பது. கடைக்காரர்கள் எனக்கு ஃபார்வர்ட் செய்யும் கடிதங்களுக்கு நடுவே, "முன்பு ஒரு பையன் செய்து கொடுத்தான், இப்போது உள்ளே போகவே முடியவில்லை" என்ற புலம்பலும் அடிக்கடி வரும். அந்தப் பையன் கெட்ட எண்ணத்தோடு எதுவும் செய்திருக்க மாட்டான். வேலையைச் சீக்கிரம் ஆரம்பிக்கும் அவசரத்தில் கடைப் பக்கத்தைத் தன் மின்னஞ்சலிலும் தன் கைப்பேசி எண்ணிலும் திறந்திருப்பான். படிப்பு முடியும், வேறு ஊருக்குப் போவான், எண்ணை மாற்றுவான். உள்நுழையும்போது வரும் ஆறு இலக்கக் குறியீடு, இப்போது யாரிடமும் இல்லாத எண்ணுக்குப் போய்க்கொண்டிருக்கும். மூக்குக்கண்ணாடிக் கடையின் அந்தப் பழைய இன்ஸ்டாகிராம் பக்கமும் அப்படி அனாதையானதாக இருக்கலாம் என்று மாணவியிடம் சொன்னேன். கடிதத்துக்கு இந்த ஊகமும் உதவியது.

முறையாகச் செய்வது கஷ்டமில்லை. கூகுள் வணிகப் பக்கத்தில் உரிமையாளர், நிர்வாகி என்று இரண்டு நிலைகள் உண்டு. கடைக்காரரின் சொந்தக் கூகுள் கணக்கு உரிமையாளராக இருக்க வேண்டும், மாணவி நிர்வாகியாகச் சேர வேண்டும். நிர்வாகி படம் போடலாம், நேரத்தை மாற்றலாம், விமர்சனத்துக்குப் பதில் எழுதலாம். பக்கத்தை நீக்கவோ, மற்றவர்களைச் சேர்க்கவோ விலக்கவோ முடியாது. ஃபேஸ்புக் பக்கத்துக்கும் மெட்டா பிசினஸ் சூட் வழியாக முழுக் கட்டுப்பாடு இல்லாத அனுமதியை மட்டும் கொடுக்கலாம். இன்ஸ்டாகிராமைத் தொழில்முறைக் கணக்காக மாற்றி அந்த ஃபேஸ்புக் பக்கத்தோடு இணைத்துவிட்டால், பதிவுகளை அங்கிருந்தே போடலாம், முன்கூட்டியே தேதி குறித்தும் வைக்கலாம். கடவுச்சொல்லை மாணவி தெரிந்துகொள்ள வேண்டிய தேவையே வராது. இரண்டடுக்குப் பாதுகாப்பைப் போடும்போது கிடைக்கும் மீட்புக் குறியீடுகளை ஒரு தாளில் எழுதிக் கடையின் முக்கியக் காகிதங்களோடு வைத்துவிடலாம். இவ்வளவையும் கடிதத்தில் விளக்க வேண்டாம். எல்லாம் உங்கள் பெயரில்தான் இருக்கும் என்று ஒரே வரி போதும், ஆனால் அந்த வரி கட்டாயம் இருக்க வேண்டும்.

இறுதியாண்டு என்பதை மறைக்கவும் வேண்டாம். "நீண்டகாலம் இணைந்து பணியாற்ற விரும்புகிறேன்" என்று எழுதியிருந்த ஒரு வரியை மாணவி தானே அடித்துவிட்டார். தேர்வுக்குப் பிறகு எங்கே இருப்போம் என்று அவருக்கே தெரியாது. நான்கு மாதம் என்று தெளிவாகச் சொல்லிவிட்டால் கடைக்காரருக்கும் அது தாங்கக்கூடிய செலவாகத் தெரிகிறது.

கடைசியில் போன கடிதம் இது. தலைப்பில் "சமூக ஊடகச் சேவை" போன்ற சொற்களைத் தவிர்த்தோம். கைப்பேசித் திரையில் ஐந்தாறு சொற்களுக்கு மேல் தெரியாது, அந்த ஐந்தாறும் கடையைப் பற்றி இருக்க வேண்டும்.

"தலைப்பு: கடையின் ஞாயிறு நேரம், ஒரு சிறு திருத்தம்

வணக்கம் ஐயா,

உங்கள் கடையின் கூகுள் வரைபடப் பக்கத்தில் ஞாயிறு விடுமுறை என்று இருக்கிறது. ஆனால் ஞாயிறு மதியம்வரை கடை திறந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். உங்கள் கூகுள் கணக்கில் நுழைந்து கடையின் பெயரைத் தேடி, 'சுயவிவரத்தைத் திருத்து' என்பதில் நேரத்தை மாற்றிவிடலாம். கடைப் பக்கத்தை இதுவரை பதிவு செய்துகொள்ளவில்லை என்றால் சொல்லுங்கள், அதற்கும் வழி காட்டுகிறேன். இதற்குக் கட்டணம் இல்லை.

நான் இரண்டு தெரு தள்ளி இருக்கிறேன், கல்லூரியில் இறுதியாண்டு படிக்கிறேன். உங்கள் கடையைப் பற்றி எழுதியவர்களில் பலர், கழன்ற திருகையும் வளைந்த ஃபிரேமையும் உடனே சரிசெய்து கொடுத்ததைத்தான் பாராட்டியிருக்கிறார்கள். அந்த வேலையை அரை நிமிட வீடியோக்களாக எடுத்துக் காட்டலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. கடையின் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் குழந்தைகள் ஃபிரேம் பற்றி ஒருவர் கேட்டது பதில் இல்லாமல் இருக்கிறது, அதுபோன்ற கேள்விகளையும் அன்றன்றே உங்களுக்குத் தெரிவிப்பேன்.

மாதம் 8 படங்கள், 4 வீடியோக்கள். வாரம் ஒரு நாள், கூட்டம் குறைவாக இருக்கும் நேரத்தில் ஒரு மணி நேரம் வந்து படம் எடுப்பேன். எதையும் நீங்கள் பார்த்துச் சரி என்ற பிறகுதான் போடுவேன். இதற்கு மாதக் கட்டணம் கீழே எழுதியிருக்கிறேன், பாதி மாதத் தொடக்கத்தில், மீதி முடிவில். விளம்பரச் செலவு இதில் சேராது, விளம்பரம் தேவையும் இல்லை.

தேர்வுக்கு முன் நான்கு மாதம் என்னால் செய்ய முடியும். முதல் மாதம் முடிந்ததும் பிடிக்கவில்லை என்றால் நிறுத்திக்கொள்ளலாம். எல்லாப் பக்கங்களும் உங்கள் எண்ணிலும் மின்னஞ்சலிலும்தான் இருக்கும், உங்கள் கடவுச்சொல் எனக்கு வேண்டாம்.

புதன் காலை கடைக்கு வந்து பத்து நிமிடம் பேசலாமா? வேண்டாம் என்றால் ஒரு வார்த்தை எழுதுங்கள், மறுபடி தொந்தரவு செய்ய மாட்டேன்."

கீழே தொகை, பெயர், கைப்பேசி எண். இணைப்புக் கோப்பு எதுவும் இல்லை. தெரியாத ஒருவரிடமிருந்து வரும் கோப்பைத் திறக்க யாரும் விரும்ப மாட்டார்கள். தானே எடுத்த வேறு வேலைகளைக் காட்ட வேண்டும் என்றால் நேரில் கைப்பேசியில் காட்டிவிடலாம்.

ஒரு கடைக்கு ஒரு கடிதம்தான். ஐம்பது பேரை மறைப்பிரதியில் சேர்த்து அனுப்புவது ஸ்பேம் பெட்டிக்கு நேர் வழி, கடையைப் பார்த்து எழுதிய வரிகளும் அதில் இருக்க முடியாது. இன்னொன்றும் உண்டு. ஒரே தெருவில் இரண்டு கண்ணாடிக் கடைகள் இருந்தால் இரண்டுக்கும் ஒரே வாரத்தில் எழுதக் கூடாது. கடைக்காரர்கள் ஒருவரோடொருவர் பேசிக்கொள்வார்கள். ஒருவர் மறுத்த பிறகு மற்றவருக்கு எழுதினால் யாருக்கும் வருத்தம் இல்லை. பதில் வராவிட்டால் ஒரு வாரம் பொறுத்து நேரில் போய் நிற்பது நல்லது. சிறு கடைகளில் பலருக்கு மின்னஞ்சல் என்பது வரிக் கணக்குக் காகிதமும் மொத்த வியாபாரியின் பில்லும் வந்து சேரும் இடம், தினமும் திறக்க மாட்டார்கள். கடிதம் ஏற்கெனவே போயிருப்பதால், நேரில் போகும்போது "நான்தான் அந்த ஞாயிறு நேரம் பற்றி எழுதியிருந்தேன்" என்று சொல்லிப் பேச்சைத் தொடங்கலாம்.

நேரில் போனபோது அவர் கற்றுக்கொண்ட இரண்டு விஷயங்களைச் சொல்ல வேண்டும், வேலையின் தரம் அதில்தான் தெரிகிறது. கண்ணாடியைப் படம் எடுப்பது சாதாரண விஷயம் இல்லை. நேராகப் பிடித்தால் கூரையின் டியூப்லைட் கோடும், படம் எடுப்பவரின் நிழலும் லென்ஸில் அப்படியே விழும். கடைக்குள் இருக்கும் விளக்குகளில் பக்கத்தில் உள்ளதை அணைத்துவிட்டு, ஃபிரேமை வாசல் பக்கம் கொண்டுவந்து, பக்கவாட்டுக் காம்புக்கு அடியில் மடித்த துணியை வைத்துச் சற்று முன்னால் சாய்த்தால் பிரதிபலிப்பு கீழே இறங்கிவிடும். கைப்பேசியை லென்ஸுக்கு நேரே பிடிக்காமல் ஒரு பக்கமாக நகர்த்திப் பிடிக்க வேண்டும். திருகு மாட்டும் வீடியோவுக்கு, கடைக்காரரின் வலது கை மறைக்காதபடி இடப்பக்கம் இருந்து எடுக்க வேண்டும்.

இரண்டாவது, மேசையில் என்ன கிடக்கிறது என்பது. அவர் எடுத்த முதல் படத்திலேயே மூலையில் ஒரு கண் மருத்துவச் சீட்டு கிடந்தது. பெரிதாக்கிப் பார்த்தால் வாடிக்கையாளரின் பெயர், கைப்பேசி எண், பார்வை அளவு எல்லாம் தெளிவாகத் தெரிந்தன. மங்கலாக்கிப் போடலாமே என்றார் மாணவி. மேசையைத் துடைத்துவிட்டு மறுபடி எடுப்பதுதான் சரி என்றேன். கடைக்குள் நிற்கும் வாடிக்கையாளர் முகம் பதிந்தால் கேட்டுவிட்டுத்தான் போட வேண்டும், குழந்தை என்றால் பெற்றவர்களிடம் கேட்க வேண்டும். "உங்கள் வாடிக்கையாளர்களின் முகமோ விவரமோ அவர்கள் அனுமதி இல்லாமல் வராது" என்று அடுத்த கடைக்கு எழுதிய கடிதத்தில் அவர் தாமாகவே ஒரு வரி சேர்த்திருந்தார்.

வீடியோவுக்குப் பாட்டு சேர்ப்பதிலும் ஒரு சிக்கல் வரும். சொந்தக் கணக்கில் கிடைக்கும் சினிமாப் பாட்டுகள் பல, வணிகக் கணக்கில் கிடைக்காது, அவற்றின் உரிமம் வியாபாரத்துக்குப் பொருந்தாது. "பாட்டு ஏன் இல்லை?" என்று கடைக்காரர் கேட்பார். சொந்தக் கணக்கில் சேர்த்துக் கொண்டுவந்து போடுவது என்ற குறுக்கு வழியில் போனால் ஒலி நீக்கப்படலாம், அந்தப் பொறுப்பு கடை மேல் விழும். திருகாணி சுற்றும் சத்தமும் கடைக்காரர் பேசுவதும் இருந்தாலே அந்த வீடியோவுக்குப் போதும். இதேபோல நல்ல விமர்சனம் எழுதினால் தள்ளுபடி என்ற யோசனையும் எங்கிருந்தாவது வரும். கூகுள் விதிகளில் அதற்கு இடமில்லை, மாணவி மறுத்துவிட வேண்டும்.

பதில் சொல்லும் வேலையில் எல்லை போட்டுக்கொள்வதும் நல்லது. "இந்த ஃபிரேம் என்ன விலை?", "இந்த பவருக்கு லென்ஸ் எத்தனை நாளில் வரும்?" என்ற கேள்விகளுக்கு மாணவி பதில் சொல்லக் கூடாது. அவருக்கு இருப்பும் தெரியாது, லென்ஸும் தெரியாது. கேள்வியைக் கடைக்காரருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி, அவர் சொன்னதை எழுதலாம். கடைக்காரர் கல்லாவில் இருக்கும்போது உடனே பார்க்க மாட்டார் என்பதால், மாலையில் ஒரு நேரம் குறித்து அன்றைய கேள்விகளை மொத்தமாகக் கேட்டுவிடும் ஏற்பாட்டைச் செய்துகொண்டார்கள்.

மூன்று கடைகளுக்கு எழுதியதில் ஒன்று பதிலே சொல்லவில்லை, ஒன்று மரியாதையாக வேண்டாம் என்றது. கண்ணாடிக் கடைக்காரர் ஒப்புக்கொண்டார். அவர் எழுதிய பதில் மிகச் சிறியது: "நேரத்தை மாற்றிவிட்டேன்மா. பழைய பக்கம் யாரிடம் இருக்கிறது என்று எனக்கே தெரியாது. நீ போகும்போது என் மகளுக்குக் கற்றுக்கொடுத்துவிட்டுப் போவாயா?"

எங்கள் கணக்கில் அது இருக்கவில்லை. அதனால் திட்டத்தை மாற்றினோம். நான்காவது மாதம் மாணவி பாதிப் பதிவுகளை மட்டும் செய்வார், மீதியை அந்தப் பெண் செய்ய, மாணவி பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பார். அதே 21 மணி நேரம், அதே கட்டணம். கடைசி வாரத்தில் நிர்வாகி இடத்தில் மகளின் கணக்கைச் சேர்த்துவிட்டு, மாணவியின் பெயரைக் கடைக்காரரே நீக்குவார். எடுத்த படங்களும் வெட்டாத வீடியோக்களும் கடையின் கூகுள் டிரைவில் மாதவாரியாக இருக்கும். பழைய இன்ஸ்டாகிராம் பக்கத்தை மீட்க முயன்று பார்க்க இரண்டு வாரம் ஒதுக்கியிருக்கிறார்கள், கிடைக்காவிட்டால் கடையின் எண்ணில் புதிதாக ஒன்று திறந்து, வரைபடப் பக்கத்தில் புதிய இணைப்பைக் கொடுத்துவிடுவார்கள். முதல் பதிவு குழந்தைகளுக்கான ஃபிரேம்களைப் பற்றியது.